‘seri’ வேறு, ‘seriiii’ வேறு

கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன், “naalaiku 9 manikku bus stop ku vandhudu” என்று போடுகிறான். பதிலுக்கு “seri” என்று மட்டும் வந்தால் போட்டவனுக்குச் சின்ன உறுத்தல். இவனுக்கு என்ன ஆச்சு, ஏதாவது கோவமா? “seri da” என்று வந்தால் மனசு ஆறிவிடும். “seriiii” என்று வந்தால் அதைப் பற்றி யோசிக்கவே மாட்டான், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவான். மூன்றும் ஒரே சம்மதம்தான். மூன்றாவதில் கூடுதலாக இருக்கும் மூன்று i எந்தத் தகவலையும் சொல்லவில்லை. ஆனால் அவை இல்லாமல் போனால் இல்லாததைத்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, கடைசி எழுத்தை இழுத்து விடுவது இன்றைய இளைஞர்களின் அன்றாட வழக்கம். daaaa, machiiii, vaaaa, illaaaa, semaaaa, aiyoooo என்று அது நீளும். பெரியவர்களுக்குப் பிழையாகவோ விளையாட்டாகவோ தெரியும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் எங்கே இழுக்கலாம், எவ்வளவு இழுக்கலாம், யாரிடம் இழுக்கலாம் என்று யாரும் எழுதி வைக்காத ஒழுங்கு ஒன்று அதில் தெரியும்.

முதலில் எழுத்துக் கணக்கு. தமிழில் குறிலும் நெடிலும் வேறு வேறு எழுத்து. மாறினால் பொருளே மாறிப்போகும். கல் வேறு, கால் வேறு. படம் வேறு, பாடம் வேறு. ஆங்கில எழுத்தில் தட்டும்போது இந்த எல்லைக்கோடு கலங்கிவிடுகிறது. ‘டா’ என்பதை “da” என்றும் எழுதுகிறார்கள், “daa” என்றும் எழுதுகிறார்கள். ஆகவே இரண்டாவது a வந்தாலும் அது இழுப்பு ஆகாது, ‘டா’வில் இருக்கும் நெடிலுக்கான கணக்கு அது. மூன்றாவது a வரும்போதுதான் உச்சரிப்பின் கணக்கு முடிந்து குரலின் கணக்கு தொடங்குகிறது. “daaa” என்று பார்த்ததும் படிக்கிறவர் காதில் ஒரு கெஞ்சலோ கொஞ்சலோ கேட்டுவிடும்.

இதில் சிக்கலும் உண்டு. பேச்சுத் தமிழில் ‘நீ வருவ’ என்பதை “varuva” என்று தட்டலாம். ‘அவ வருவா’ என்பதை “varuvaa” என்று தட்டலாம். இப்போது ஒருத்தி ஆசையோடு, ‘நீ கண்டிப்பா வருவ’ என்ற பொருளில் “kandippa varuvaaa” என்று இழுத்தால், வருவது யார் என்று முழிக்க வேண்டியிருக்கும். ‘வாடா’ என்பதைச் சுருக்கி “vada” என்று அடிப்பவர்கள் பசியைக் கிளப்பிவிடுவதும் உண்டு. நண்பர்கள் முன்பின் பேச்சை வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்தான் தடுமாறுவார்.

தமிழை ஏன் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும் என்ற கேள்விக்குப் பழைய செல்பேசியில் ஒரு விடை இருக்கிறது. ஒரு எஸ்எம்எஸ்-இல் ஆங்கில எழுத்தென்றால் 160 எழுத்து போகும். தமிழ் போன்ற எழுத்துகளுக்கு யூனிகோடு வேண்டும். அப்போது அளவு 70 ஆகக் குறைந்துவிடும். தமிழில் புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் அந்த 70-உம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பல கைபேசிகளில் தமிழ் எழுத்தே தெரியாது, கட்டம் கட்டமாக வரும். இந்த நிலையில் “enna panra” என்று அடிப்பதே இயல்பாக இருந்தது. பின்னால் தமிழ் விசைப்பலகை கைக்கெட்டும் இடத்துக்கு வந்த பிறகும் விரல் பழகிய வழியிலேயே போனது.

அந்த நாளில் இழுப்பது லேசான வேலையும் இல்லை. பட்டன் போனில் 2-ஆம் விசையில் a, b, c மூன்றும் இருக்கும். ஒரு தட்டு a; வேகமாக இரண்டு தட்டினால் b, மூன்று தட்டினால் c. “daaa” என்று வர வேண்டுமானால் ஒவ்வொரு a-வுக்குப் பிறகும் ஒரு கணம் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் “dc” என்று போய் நிற்கும். i இன்னும் மோசம், 4-ஆம் விசையில் மூன்றாவது எழுத்து. “seri” என்று அடிக்கவே 12 தட்டு. அதை “seriiii” ஆக்க மேலும் 9 தட்டும் இடையிடையே நிறுத்தமும் வேண்டும். அவ்வளவு மெனக்கெட்டு ஒருவர் இழுத்தார் என்றால் எதிரில் இருப்பவர் மீது பிரியம் இருந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். இன்றைய தொடுதிரையிலும் a-வை அழுத்திப் பிடித்தால் தலையில் கோடு போட்ட வேறு a-க்கள்தான் பட்டியலாக வந்து நிற்கும், எழுத்து நீளாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே தட்டித்தான் ஆக வேண்டும்.

இழுப்பு ஏன் கடைசியிலேயே விழுகிறது? சொல்லின் நடுவில் உயிரை நீட்டினால், மேலே சொன்ன கல்–கால் கதை ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. கடைசியில் அந்த ஆபத்து குறைவு. அதோடு, பேச்சுத் தமிழில் பெரும்பாலான சொற்கள் உயிரோசையில்தான் முடிகின்றன: போடா, சரி, இல்ல, சொல்லு, வந்துட்டேனே. பிடித்து இழுக்க வசதியான கைப்பிடி வார்த்தையின் கடைசியிலேயே இருக்கிறது.

மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல் வந்தால் தமிழ் வாய் அதன் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸு, காரு, சூப்பரு என்று பேசுவது பல தலைமுறைப் பழக்கம். தட்டும்போதும் அதே வேலைதான் நடக்கிறது: “waituuu”, “superuuu”, “thanksuuu”. ஆங்கிலத்தில் wait என்ற சொல்லின் கடைசியில் இழுப்பதற்கு எதுவும் இல்லை. தமிழ் ஒட்டிய அந்த u வந்ததும் இழுக்க இடம் கிடைத்துவிடுகிறது.

இதில் ரசிக்க வேண்டிய ஒன்று “paathuuu”. ‘பாத்துப் போ’ என்று வழியனுப்பும் அக்கறையோடு தோழி தட்டுவது. ‘பாத்து’ என்பதன் கடைசி உகரத்தை இலக்கணம் குற்றியலுகரம் என்கிறது. குறிலுக்குரிய ஒரு மாத்திரைகூட அதற்குக் கிடையாது, அரை மாத்திரைதான். மொழியிலேயே மிகக் குறுகி ஒலிக்கும் உயிரைப் பிடித்து மூன்று நான்கு u போட்டு நீட்டுகிறார்கள். வாசலில் நின்று அம்மா ‘பாத்தூ…’ என்று சொல்வதும் அதே நீட்டல்தான்.

மச்சான் மாதிரி மெய்யில் முடிகிற சொல்லில் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் “machaaaan” என்று உயிரைத்தான் நீட்டுகிறார்கள். பேச்சில் அந்த னகரம் மூக்கொலியாகக் கரைந்துவிடுவதால் காதுக்கு அதுதான் சரி. “okkkk” என்று வாயால் நீட்டவே முடியாத மெய்யை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். k என்பதை யாரால் இழுத்து ஒலிக்க முடியும்? அங்கே எழுத்து குரலின் படமாக இருப்பதை விட்டுவிட்டு வெறும் அடையாளமாக மாறிவிடுகிறது. ‘இங்கே இழுத்திருக்கிறேன், புரிந்துகொள்’ என்பதோடு சரி.

இந்தப் பழக்கம் உலகம் முழுக்க இருப்பதுதான். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 10,000 கோடி ட்வீட்டுகளை எடுத்து, நீளும் சொற்களை அளந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சொல் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது அவர்கள் எடுத்த ஓர் அளவு. நீட்சி சொல்லின் எல்லா எழுத்துக்கும் சமமாகப் பரவுகிறதா, ஏதோ ஓர் எழுத்தே சுமக்கிறதா என்பது இன்னோர் அளவு. ஹஹஹஹ என்ற சிரிப்பில் ஹாவும் அகரமும் சேர்ந்து சமமாக நீளும். தமிழ் “podaaaa”-வை அந்தத் தராசில் வைத்தால் ஒரு பக்கம் அடியோடு சாய்ந்துவிடும். பாரம் முழுக்கக் கடைசி எழுத்தின் தலையில்.

சரி, இழுப்பு செய்கிற வேலைதான் என்ன? வழக்கமாக நடக்கிற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நாலு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை இரவு ஒருவன் பின்வாங்குகிறான். அவன் “naan varala” என்று மட்டும் போட்டால் அது அறிவிப்பு. குழு சற்று நேரம் அமைதியாகிவிடும். யாராவது தனியாகக் கூப்பிட்டு ‘என்னடா பிரச்சினை’ என்று கேட்கக்கூடும். “naan varala da” என்றால் மறுப்பு கொஞ்சம் இளகுகிறது. “naan varala daaaa, veetla vela iruku” என்று வரும்போதுதான் ‘எனக்கும் வரத்தான் ஆசை, திட்டாதீங்க’ என்பதும் சேர்ந்து வருகிறது.

பதில் எப்படி வரும்? “podaaaa”. எழுத்தைப் பார்த்தால் விரட்டல். உண்மையில் மன்னித்தாயிற்று என்று பொருள். அதே இடத்தில் இழுப்பில்லாமல் “poda” என்று வந்தால் பாதி விளையாட்டு, பாதி வருத்தம். “po” என்று மட்டும் வந்தால் வருத்தமேதான். இன்னொருவன் “ticket edutachu daaa” என்று அழுவது போலச் சேர்ப்பான். முதலாமவன் “sorryyyy” என்பான், பெரும்பாலும் நண்பன் இழுத்த அளவுக்குக் குறையாமல். நீ நான்கு எழுத்து போட்டால் நானும் நான்கு போடுகிறேன் என்று யாரும் எண்ணிப் பார்த்துச் செய்வதில்லை, ஆனால் ஏறக்குறைய அப்படித்தான் வந்து முடிகிறது. ஒருவர் தொடர்ந்து இழுக்க, மற்றவர் “ok”, “hm” என்று வெட்டி வெட்டிப் பதில் போட்டால் நட்பில் ஏதோ சரியில்லை என்பதை இருவருமே உணர்ந்துவிடுவார்கள்.

கவனித்தால் இழுப்பு அதிகம் வருவது ஏவல், மறுப்பு, வேண்டுகோள், விளி இவற்றில்தான். எல்லாமே எதிராளிக்குச் சுமை தரும் பேச்சு. “notes anuppu” என்றால் கட்டளை. “notes anuppudaaaa” என்றால் கட்டளையின் முனை மழுங்கிவிடுகிறது. நேரில் சொல்லும்போது முகமும் தோளில் போட்ட கையும் அந்த வேலையைச் செய்துவிடும். திரையில் அவை இல்லை. மணி எத்தனை, பேருந்து எண் என்ன என்பது போன்ற வெறும் தகவலை யாரும் இழுப்பதில்லை. “5 manikku” என்பது ஐந்து மணிக்குத்தான். “5 manikkuuuu” என்று வந்தால், ‘எத்தனை தடவைடா சொல்றது’ என்ற சலிப்பு ஏறிவிட்டது என்று பொருள். இழுப்பு எப்போதும் இனிப்பு இல்லை.

நம் இலக்கணக்காரர்களுக்கு இந்த நீட்டல் புதிதல்ல. தனி ஓர் எழுத்து இரண்டு மாத்திரைக்கு மேல் ஒலிக்காது. அதற்கு மேல் நீட்ட வேண்டுமானால் வேண்டிய அளவுக்கு வேறு எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அளபெடை என்று பள்ளியில் படித்தது இதுதான்: ஆஅ, ஓஒ என்று நெடிலுக்குப் பின்னால் அதன் இனக்குறில் வந்து நிற்கும். ஒரு எழுத்து போதாதபோது பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு நீட்டுவது என்ற உத்தியில் “daaaa”-வுக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. செய்யுளில் ஓசை குறையும்போது நிரப்ப வந்தது அது. பேச்சில் குரல் குறையும்போது நிரப்ப வந்தது இது. நன்னூல் இன்னும் ஒரு படி இறங்கி வீதிக்கே வந்துவிடுகிறது. பாட்டிலும், ஒருவரைக் கூப்பிடும்போதும், பண்டம் கூவி விற்கும்போதும் எழுத்துகள் தம் அளவைத் தாண்டி ஒலிக்கும் என்கிறார் பவணந்தி முனிவர். ‘கீரேஏஏ’ என்று கூவுகிற அம்மாவுக்கு அன்றே சூத்திரம் இருந்திருக்கிறது.

ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் பழைய இலக்கணமும் இன்றைய திரையும் எதிரெதிராக நிற்கின்றன. தொல்காப்பியத்தின் விளிமரபில், தொலைவில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயர்கள் அளவு கடந்து நீளும் என்று வருகிறது. அருகில் இருப்பவரை விளிக்கும்போது குறுக்கம்தான் வழக்கு. ‘மன்னா’ என்று நீளாமல் ‘மன்ன’ என்று முடிவது போல. நீட்டல் என்றால் தூரம், குறுக்கல் என்றால் பக்கம். காதுக்கு எட்ட வேண்டுமே என்ற நடைமுறைக் காரணம். கைபேசியில் தூரம் என்பதே பொருளற்றுப் போனது; அடுத்த பெஞ்சில் இருப்பவனுக்கும் அயல்நாட்டில் இருப்பவனுக்கும் செய்தி ஒரே நேரத்தில் போகிறது. ஓசை எட்டுவதற்கு நீட்டத் தேவையில்லை என்று ஆன பிறகு, நீட்டல் வேறு வேலைக்குப் போய்விட்டது. இப்போது நெருங்கியவரிடம்தான் நீள்கிறது. தூரத்து மனிதர்களுக்குத்தான் “ok”, “noted”, “seringa” என்ற குறுக்கங்கள்.

யாரிடம் இழுக்கலாம் என்பதை எல்லோரும் நுட்பமாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள். ஒத்த வயதுக்காரரிடம் தாராளம். பேராசிரியருக்கோ மேலாளருக்கோ “okay siiiir” என்று யாரும் அனுப்புவதில்லை. அனுப்பினால் கிண்டலாகத்தான் படும். ‘ங்க’ சேர்ந்த மரியாதைச் சொற்கள் பொதுவாக இழுப்பை ஏற்பதில்லை. “vaanga” என்பது வரவேற்பு. நண்பனுக்கு “vaangaaaa” என்று போட்டால் தாமதமாக வந்தவனுக்கு மரியாதை செய்வதாக நடித்துக் காலை வாருவது. ‘டா’ போட்ட வாக்கியம் இழுப்புக்கு எளிதில் இடம் தருவதற்குக் காரணம், ‘டா’ வந்த இடத்திலேயே மரியாதைப் படிக்கட்டு காணாமல் போய்விடுவதுதான். இளம்பெண்கள் தங்களுக்குள் “diiii” என்பதோடு “daaaa” என்றும் சொல்லிக்கொள்வது இப்போது சர்வ சாதாரணம். அங்கே ‘டா’ ஆண்பால் விகுதியாக இல்லை, தோழமைக்கான விளியாகிவிட்டது.

நடுவில் ஒரு தனி இடம் அண்ணனுக்கும் அக்காவுக்கும். கல்லூரியில் இளையவர்கள் “annaaaa oru help”, “akkaaaa pls” என்று தட்டுவார்கள். உறவுமுறைச் சொல் வயது வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறது, இழுப்பு அதைத் தாண்டிச் செல்லம் கொண்டாடுகிறது. காரியம் ஆக வேண்டிய நாளில் அந்த a-க்களின் எண்ணிக்கை ஏறும் என்பது அண்ணன்மார் அறிந்ததே. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் சில மாதம் அலுவலகக் குழுவில் “ok” என்றும் “sure” என்றும் விறைப்பாக இருந்துவிட்டு, ஒரு நாள் உடன் வேலை செய்பவரிடம் “aiyoooo aama” என்று தவறிப்போய் இழுத்துவிடுவார்கள். எதிரில் இருப்பவரும் இழுத்துப் பதில் போட்டால் இருவரும் அன்றிலிருந்து நண்பர்கள். “yes, correct” என்று வந்தால் பழையபடி விறைப்பு.

மனிதருக்குப் புரிகிற இந்த நுணுக்கம் கணினிக்கு நெடுங்காலம் இடைஞ்சலாகவே இருந்தது. மக்கள் எழுதியதை அலசும் நிரல்களில், ஒரே எழுத்து தொடர்ந்து பல முறை வந்தால் அதை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டிவிடுவது வழக்கம். “daaaaaaa”, “daaaa” இரண்டும் ஒரே சொல் என்று கணினி அறிய வேண்டுமே. ஒன்றாகவே வெட்டிவிட்டால் தமிழில் நெடில் போய்விடும்: “kaaaal” என்பது ‘கால்’ ஆக இருக்க வேண்டியது ‘கல்’ ஆகிவிடும். இரண்டாக வெட்டினால் சொல் பிழைக்கும், ஆனால் “daaaa”-வும் “daa”-வும் ஒன்றாகி, மன்னித்த நண்பனும் மன்னிக்காத நண்பனும் ஒரே குரலில் பேசுவார்கள். மூன்று வரை விட்டுவைத்தால் இழுப்பு இருந்தது என்ற தடயமாவது மிஞ்சும்.

தமிழ் எழுத்திலேயே தட்டுகிறவர்கள் இழுக்க ஆசைப்பட்டால் வேறு தொல்லை. துணைக்காலை மட்டும் மீண்டும் மீண்டும் அழுத்தினால் பல திரைகளில் முதல் கால் ‘ட’வோடு ஒட்டிக்கொள்ளும், மீதிக் கால்கள் தாங்க மெய் இல்லாமல் புள்ளி வட்டங்களின் தோளில் தொங்கும். அதனால் ‘டாஆஆஆ’, ‘சரிஇஇஇ’, ‘சொல்லுஉஉ’ என்று முழு உயிரெழுத்தைப் பின்னால் அடுக்குகிறார்கள். பத்தாம் வகுப்பில் அளபெடைக்கு எடுத்துக்காட்டு கேட்டபோது விழித்தவர்களும் அவர்களில் உண்டு.